இறக்கம்தான் பாதத்தின் அளவைத் தீர்மானிக்கும்போது: அனுமதி அழுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் வயலோரமும் குளத்தடியிலும் வீடு கட்டுகிறவர்கள், அவர்களுக்கு வரைபடம் போடும் இளம் எஞ்சினியர்கள், சில மேசன்மார் என்று பலர் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பாதம் என்று நான் சொல்வது தூணின் சுமையை மண்ணுக்கு விரித்துக் கொடுக்கும் அத்திவாரக் கொங்கிரீட்டை. அழுத்தங்கள் எல்லாம் சதுர மீற்றருக்குக் கிலோநியூட்டனில். வெறுமனே 90 என்று எழுதினால் அதுதான் அர்த்தம்.

தாங்குதிறன் எண்டது மண்ணின்ரை குணம்தானே? ஒரு காணிக்கு ஏன் ஆளாளுக்கு ஒவ்வொரு எண் சொல்லுறீங்கள்?

மண்ணின் குணம் என்று சொல்லத்தக்கவை வேறு: அதன் வெட்டு வலிமை, அது எவ்வளவு அமுங்கும் என்பது, நீர் அதிலிருந்து எவ்வளவு வேகமாக வெளியேறும் என்பது. நீங்கள் தாங்குதிறன் என்று கேட்கும் அனுமதி அழுத்தம் அந்தக் குணங்களோடு பாதத்தின் அகலம், ஆழம், தூண் சுமை, கட்டடம் எவ்வளவு இறக்கத்தைப் பொறுக்கும் என்பவற்றையும் சேர்த்துப் போடும் கணக்கின் முடிவு. ஆகவே ஒரே காணியில் ஒரு மீற்றர் பாதத்துக்கு ஒரு எண்ணும் மூன்று மீற்றர் பாதத்துக்கு இன்னொரு எண்ணும் வருவது இயல்பு. எவ்வளவு அகலப் பாதம், எவ்வளவு இறக்கம் என்று சொல்லாமல் ஒருவர் எண் மட்டும் தந்தால், அவர் பாதிப் பதிலைத்தான் தந்திருக்கிறார்.

எங்கடை பக்கம் எல்லாரும் 100 எண்டு போட்டுத்தான் கட்டுறம். ஒண்டும் நடக்கேல்லையே?

100 என்பது பழைய கணக்கில் சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு தொன். செம்மண் மேட்டிலும் கிறவல் நிலத்திலும் மாடியில்லாத வீட்டுக்கு அது தாராளமாகப் போதும், அதனால்தான் ஒன்றும் நடக்கவில்லை. அந்த எண் மேட்டில் சம்பாதித்த நற்பெயரோடு வயலுக்குள் இறங்கும்போதுதான் சிக்கல்.

பி.எஸ். 8004 என்ற பிரித்தானிய நியமத்தின் 1986ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் அட்டவணை உண்டு. ஓரளவு உறுதியான களிக்கு 75 முதல் 150 வரை, மென்களிக்கு 75க்குக் கீழே என்று அது சொல்கிறது. அவை ஆரம்பக்கட்ட வடிவமைப்புக்கு மட்டும் என்று அதே நியமம் சொல்கிறது. ஆட்கள் அட்டவணையைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், அந்த எச்சரிக்கை மட்டும் படத்தில் வருவதில்லை.

வெட்டு முறிவா இறக்கமா, எது கட்டுப்படுத்துது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

வெட்டு முறிவு என்பது பாதத்தின் கீழ் மண் வழுக்கி உடைவது, இறக்கம் என்பது மண் அமுங்கிப் பாதம் கீழே போவது. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, எது பெரிய பாதம் கேட்கிறதோ அதை எடுக்க வேண்டும். முன்கூட்டியே ஊகிக்கலாம்தான், ஆனால் ஊகத்தோடு நிற்கக்கூடாது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே தொடர்வோம்.

பழைய வயல் நிலம். மேல்மாடி உள்ள வீடு, மாடிக்கு ஓட்டுக்கூரை. தூண்கள் 5 மீற்றர் இடைவெளியில். நடுத்தூண் ஒன்றில் 400 கிலோநியூட்டன், ஓரத்தூணில் 200. பாதத்தின் அடி இயற்கைத் தரையிலிருந்து 1 மீற்றர் ஆழத்தில். அதற்குக் கீழே 4 மீற்றர் களி, அதன் கீழே உக்கிய பாறை. துளையிட்டு, அதற்குள் ஒரு குழாயை 300 மில்லிமீற்றர் இறக்கச் சம்மட்டியால் எத்தனை அடி அடிக்க வேண்டும் என்று எண்ணும் எஸ்.பி.டி. சோதனையில் களிக்கு 6 அடி வந்தது. வெட்டு வலிமை 40.

முதலில் வெட்டு. சதுரப் பாதத்துக்கு இந்த ஆழத்தில் தாங்கு குணகம் ஏறத்தாழ 6.6. அதை 40 ஆல் பெருக்கினால் 264. பாதுகாப்புக் காரணி 3 ஆல் வகுத்தால் 88, அதாவது 90 என்று வைத்துக்கொள்ளலாம். நடுத்தூணுக்கு 2.1 மீற்றர் சதுரப் பாதமும் ஓரத்தூணுக்கு 1.5 மீற்றரும் போதும் என்று இது சொல்கிறது. அறிக்கைகளில் பெரும்பாலும் கணக்கு இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

சரி, 90 இலை போட்டால் எவ்வளவு இறங்கும்? கணக்கைக் காட்டுங்கோ.

களியை ஒரு மீற்றர் தடிப்புள்ள நான்கு தட்டுகளாகப் பிரியுங்கள். சுமை கீழே போகப்போக இரண்டுக்கு ஒன்று என்ற சாய்வில் விரிகிறது என்று கொள்ளலாம். அதாவது ஒவ்வொரு மீற்றர் ஆழத்துக்கும் சுமை பரவும் அகலம் ஒரு மீற்றர் கூடும். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் கூடும் அழுத்தத்தைக் கண்டு, அதைத் தட்டின் தடிப்பாலும் களியின் அமுங்கு குணகத்தாலும் பெருக்க வேண்டும்:

```
s = mv × Δσ × H
Δσ = Q / (B + z)²
mv = 0.35 m²/MN
```

இதில் mv அமுங்கு குணகம், Δσ கூடும் அழுத்தம், H தட்டின் தடிப்பு, Q தூண் சுமை, B பாதத்தின் அகலம், z பாதத்தின் அடியிலிருந்து தட்டின் நடுவரை உள்ள ஆழம். 2.1 மீற்றர் பாதத்தின் கீழ், மேலிருந்து வரிசையாக 59, 31, 19, 13 வருகிறது. கூட்டினால் 122. அதை 0.35 ஆல் பெருக்கினால் 43 மில்லிமீற்றர். ஓரத்தூணுக்கு அதே முறையில் 32 மில்லிமீற்றர். 0.35 என்ற குணகத்தைக் கலையாத மாதிரியில் செய்யும் ஒடுங்கல் சோதனையிலிருந்து எடுப்பதே நல்லது. மாதிரி கிடைக்காவிட்டால் எஸ்.பி.டி. எண்ணின் பாதியால் 1ஐ வகுத்து மதிப்பிடலாம். 6 அடிக்கு அது 0.33. இது மதிப்பீடுதான், மூன்றில் ஒரு பங்கு இப்படியோ அப்படியோ தவறலாம்.

முதல் தட்டின் 59ஐ மறக்க வேண்டாம். மொத்த இறக்கத்தில் ஏறத்தாழப் பாதி பாதத்துக்குக் கீழுள்ள முதல் ஒரு மீற்றரில் நடக்கிறது. பின்னால் இது கைகொடுக்கும்.

43 மில்லிமீற்றர் எண்டால் ஒண்டரை அங்குலம் சொச்சம். அது பெரிய விசயமோ? எல்லாரும் எல்லை எண்டு சொல்லுற அந்த 25 மில்லிமீற்றர் எங்கையிருந்து வந்தது?

25 என்பது பழைய ஓர் அங்குலம். மணலில் நிற்கும் பாதங்களுக்கு மண் பொறியியல் அறிஞர்களான டெர்சாகியும் பெக்கும் வைத்த வழிகாட்டல் அது. மிகப் பெரிய பாதம் ஓர் அங்குலத்துக்குள் இறங்கினால், பக்கத்துப் பாதத்தோடு வரும் வித்தியாசம் முக்கால் அங்குலத்துக்குள் நிற்கும் என்பது அதன் நியாயம். கட்டடத்தைப் பாதிப்பது அந்த வித்தியாசம். வீடு முழுவதும் ஒரே மாதிரி 43 இறங்கினால், தண்ணீர்க் குழாயும் வாசற்படியும் கொஞ்சம் முறையிடும், சுவர் பேசாது.

1956இல் ஸ்கெம்ப்டனும் மக்டொனால்டும் 98 கட்டடங்களை ஆராய்ந்து எழுதியவை இன்றும் பயன்படுகின்றன. இரண்டு தூண்களுக்கிடையிலான இறக்க வித்தியாசம் இடைவெளியின் 300இல் ஒரு பங்கைத் தொட்டால் சுவரில் வெடிப்பு எதிர்பார்க்கலாம், 150இல் ஒரு பங்கில் சட்டகமே பாதிக்கப்படும். வெடிப்பே வேண்டாம் என்றால் 500இல் ஒரு பங்குக்குள் வைக்க வேண்டும். களியில் நிற்கும் தனிப் பாதத்துக்கு மொத்த இறக்கம் 65 வரை போகலாம் என்றும் சொன்னார்கள். நம் உதாரணத்தில் 43க்கும் 32க்கும் வித்தியாசம் 11, அதாவது 5 மீற்றரில் ஏறத்தாழ 450இல் ஒரு பங்கு. எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டோம். களி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று நம்பி வந்த எண் இது. வயலில் அப்படி இருப்பது அரிது. ஆகவே சீமெந்துக்கல் சுவருள்ள வீட்டுக்கு நான் நடுப்பாதத்தை 25ஐ ஒட்டித்தான் வைக்கப் பார்ப்பேன்.

அப்ப பாதத்தின்ரை பரப்பை இரண்டு மடங்காக்கினால் இறக்கம் பாதியாகும், என்ன?

ஆகாது. நடுப்பாதத்தை 3 மீற்றர் சதுரமாக்கிப் பாருங்கள். பரப்பு 4.4இலிருந்து 9 சதுர மீற்றர், அழுத்தம் 90இலிருந்து 44. தட்டுகளில் வருபவை 33, 20, 13, 9. கூட்டு 75, இறக்கம் 26 மில்லிமீற்றர். கொங்கிரீட்டை இரண்டு மடங்குக்கு மேல் போட்டு இறக்கத்தில் 40 சதவீதம்கூடக் குறையவில்லை.

மேல் தட்டுகளில் குறைந்த அளவுக்குக் கீழ்த் தட்டுகளில் குறையாததே காரணம். ஆழத்தில் இருக்கும் களிக்கு மேலே பாதம் 2 மீற்றரா 3 மீற்றரா என்பது பெரிதாகத் தெரியாது, 400 கிலோநியூட்டன் வருகிறது என்பது மட்டும் தெரியும். மென்களி இன்னும் ஆழத்தில் இருந்து மேலே நல்ல மண் இருந்தால், பாதத்தைப் பெருப்பிப்பதால் கிடைப்பது இதைவிடவும் குறைவு. வெட்டு கட்டுப்படுத்தும்போது பாதத்தைப் பெருப்பிப்பது நேரடி மருந்து. இறக்கம் கட்டுப்படுத்தும்போது அது அரை மருந்து.

எல்லாப் பாதத்துக்கும் ஒரே அழுத்தம் குடுத்தால் வீடு சமனாய் இறங்கும் எண்டு படிச்சனாங்கள். சரிதானே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். அது சரியில்லை. மேலே 90 என்ற ஒரே அழுத்தத்தில் பெரிய பாதம் 43உம் சிறிய பாதம் 32உம் இறங்கியதைப் பார்த்தோம். பாதத்தின் கீழே அழுத்தம் எட்டும் பகுதியை அழுத்தக் குமிழ் என்பார்கள். பெரிய பாதத்தின் குமிழ் பெரிது, அது கூடுதல் ஆழத்துக் களியை அமுக்குகிறது. அழுத்தம் சமன் என்றால் இறக்கம் சமன் இல்லை.

இறக்கத்தைச் சமன் செய்வதே நோக்கம் என்றால் கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். நடுப்பாதம் 3 மீற்றரில் 26 இறங்குகிறது. ஓரப்பாதம் 26 இறங்க எவ்வளவு அகலம் வேண்டும் என்று தேடினால் 1.8 மீற்றர் வருகிறது. அதன் அழுத்தம் 62. ஆக ஒரே வீட்டில், ஒரே களியில், நடுத்தூணுக்கு 44, ஓரத்தூணுக்கு 62. ஒருமுறை இப்படி இரண்டு எண் எழுதிக்கொடுத்தபோது, எது சரி என்று கேட்டு வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டும் சரி.

எல்லாவற்றுக்கும் 44 என்று வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்றும் கேட்பார்கள். ஓரப்பாதம் 2.1 மீற்றராகி 21 மட்டும் இறங்கும். கூடுதல் கொங்கிரீட் போட்டு 5 மில்லிமீற்றர் வித்தியாசத்தை நாமே வாங்குகிறோம். அது ஆபத்தான அளவில்லை, ஆனால் காசு கொடுத்து வாங்கத் தேவையும் இல்லை.

பாதங்கள் பெருத்தால் ஒண்டின்ரை சுமை மற்றதுக்குக் கீழை போகாதோ?

போகும். 3 மீற்றர் பாதங்கள் 5 மீற்றர் இடைவெளியில் நின்றால், விரியும் சுமைகள் 2 மீற்றர் ஆழத்தில் ஒன்றையொன்று தொடும். அதற்குக் கீழே களிக்குத் தெரிவது தனித்தனிப் பாதங்கள் அல்ல, முழு வீடு: 400ஐ 25 சதுர மீற்றரால் வகுத்த 16. மூன்றாம் நான்காம் தட்டுகளில் 13, 9 என்பதற்குப் பதில் 16, 16 என்று போட்டால் 26 என்றது ஏறத்தாழ 30 ஆகிறது. நான்கு பக்கமும் தூண் சூழ்ந்த நடுப்பாதத்துக்கு இது. ஓரத்தில் கூடுவது குறைவு.

4 மீற்றர் இடைவெளியில் இதே 400 இருந்தால் சராசரி 25. அப்போது பாதத்தை எவ்வளவு பெருப்பித்தாலும் 35 மில்லிமீற்றருக்குக் கீழே போவது கடினம். பாதங்களின் மொத்தப் பரப்பு வீட்டின் பரப்பில் பாதியை நெருங்கினால் நான் தனிப்பாதக் கணக்கை நிறுத்திவிட்டு, வீடு முழுவதற்கும் ஒரே கொங்கிரீட் தட்டாகப் போடும் முழுத் தட்டு அத்திவாரத்தைப் பற்றி யோசிப்பேன். முழுத் தட்டும் மொத்த இறக்கத்தைப் பெரிதாகக் குறைக்காது, வித்தியாசத்தைத்தான் குறைக்கும்.

வயல் காணிக்கு ஒரு மீற்றர் கிறவல் கொட்டி நிரவியாச்சு. இப்ப நிலம் பலமாயிட்டுது தானே?

நடக்கிற காலுக்குப் பலம். கீழே இருக்கும் களிக்கு அது இன்னொரு வீடு. ஒரு மீற்றர் கிறவலின் பாரம் ஏறத்தாழ 19. அது காணி முழுவதும் பரந்திருப்பதால் ஆழத்தோடு குறைவதேயில்லை. நான்கு தட்டுக்கும் முழு 19 போகிறது: 19 × 4 × 0.35, அதாவது 27 மில்லிமீற்றர். நம் நடுப்பாதத்தை 3 மீற்றராக்கிப் பாடுபட்டுப் பெற்ற 26ஐ விட இது கூட. பாதத்தின் அளவை எப்படி மாற்றினாலும் இந்த 27இல் ஒரு மில்லிமீற்றர்கூடக் குறையாது.

நிரவல் எல்லா இடமும் ஒரே தடிப்பென்றால் இது சமமான இறக்கம், சுவர் தாங்கிக்கொள்ளும். ஆனால் வயல் காணி பெரும்பாலும் வீதிப்பக்கம் உயரம், பின்பக்கம் பள்ளம். முன்னால் கால் மீற்றர் கிறவலும் பின்னால் ஒன்றேகால் மீற்றரும் கொட்டித்தான் மட்டம் எடுப்பார்கள். வீட்டின் பின்பாதி பள்ளத்துப் பக்கம் சாய்வது இதனால்தான். அறிக்கையில் அனுமதி அழுத்தம் சரியாக இருக்கும், பாதமும் சரியாக இருக்கும், நிரவலைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒருவரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். மண் சோதனை நடந்தபோது கிறவல் வந்திருக்கவில்லை என்பதும் வழக்கமான கதை.

அப்ப கிறவலைக் கொட்டிப்போட்டு எவ்வளவு காலம் பொறுக்க வேணும்?

களியிலிருந்து நீர் வெளியேறும் வேகம் அதைத் தீர்மானிக்கும். நம் உதாரணக் களிக்கு ஒடுங்கல் குணகம் ஆண்டுக்கு 2 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நீர் மேலேயும் கீழே உக்கிய பாறைக்குள்ளும் போக வழியிருந்தால், ஆறு மாதத்தில் பாதிக்குச் சற்றுக் கூட முடிந்துவிடும்: 27இல் 15 போய் 12 மிஞ்சும். தொண்ணூறு சதவீதம் முடிய ஒரு வருடம் எட்டு மாதம்.

கீழே வழியில்லையென்றால் காலம் நான்கு மடங்கு. அதே ஆறு மாதத்தில் கால் பங்குக்குச் சற்றுக் கூடத்தான் முடிந்திருக்கும். ஆகவே துளையிட்டவரிடம் அடிப்பாறை எப்படியிருந்தது என்று கேட்பது வீண் கேள்வியில்லை. கோடையில் நிரவிவிட்டு ஒரு மாரி போன பிறகு கட்டுங்கள் என்று நான் சொல்வதன் கணக்கு இதுதான். அதுவரை கிறவலுக்குள் இரண்டு மூன்று இடத்தில், இயற்கைத் தரையில் ஒரு தகட்டை வைத்துக் கம்பி ஒன்றை மேலே நீட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை மட்டம் பார்த்தால், என் கணக்கை நம்ப வேண்டிய தேவையே உங்களுக்கு இராது.

பாதத்தை இன்னும் ஒரு மீற்றர் ஆழமாய்த் தோண்டிப் போட்டால் தீர்ந்துதே?

பலர் முதலில் நினைப்பது இதைத்தான். கணக்கைப் பாருங்கள். 2.1 மீற்றர் பாதத்தை ஒரு மீற்றர் கீழே கொண்டுபோனால் நான்கு மீற்றர் களி மூன்றாகும். ஆனால் 59, 31, 19 என்ற வரிசை பாதத்தோடு கூடவே கீழே போகும். விழுவது கடைசி 13 மட்டும். 43 போய் 38 ஆகும்.

அதே குழியைத் தோண்டி, பாதத்தைப் பழைய ஆழத்திலேயே வைத்து, இடையிலுள்ள ஒரு மீற்றரை நன்றாக இறுக்கிய கிறவலால் நிரப்பினால் விழுவது முதல் 59. மிஞ்சுவது 63, இறக்கம் 22 மில்லிமீற்றர். ஓரப்பாதம் 1.5 மீற்றரிலேயே நின்று 15 இறங்கும். வித்தியாசம் 7, அதாவது 700இல் ஒரு பங்கு. பாதம் பெருக்கவில்லை, 90 என்ற அழுத்தமும் மாறவில்லை, ஆனால் இப்போது அது இறக்கத்துக்கும் பொருந்துகிற 90.

இதில் கெட்டுப்போகக்கூடிய இடங்கள் இரண்டு. கிறவல் பாதத்தைவிடப் பக்கத்துக்கு அரை மீற்றர் அகலமாக வேண்டும், இங்கே 3.1 மீற்றர். பாதத்தின் அகலத்துக்கு மட்டும் வெட்டினால் சுமை விரிய இடமில்லை. அடுத்தது இறுக்குவது. 150 மில்லிமீற்றர் தட்டுத் தட்டாகப் போட்டு, ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். ஒரு லோட்டை ஒரேயடியாகக் குழிக்குள் கவிழ்த்து மேலே மட்டும் கொம்பக்டர் ஓட்டினால், களியைவிட அமுங்கக்கூடிய ஒன்றைக் காசு கொடுத்து வைத்ததாக முடியும். மாரியில் குழிக்குள் நீர் ஊறும்போது இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

தகட்டுச் சோதனை செய்தனாங்கள். 150 குடுத்தும் நாலு மில்லிமீற்றர்தான் இறங்கிச்சுது. நீங்கள் 44 எண்டுறீங்கள்?

தகடு 300 மில்லிமீற்றர். அதன் அழுத்தக் குமிழ் அரை மீற்றர் சொச்ச ஆழத்தோடு முடிந்துவிடும். வெயிலில் காய்ந்து இறுகிய மேல் மண்ணை மட்டும் அது விசாரித்திருக்கிறது. உங்கள் பாதம் விசாரிக்கப்போவது நான்கு மீற்றர் களியை. சோதனை சில மணித்தியாலத்தில் முடிந்தது, களியின் நீர் வெளியேறுவது மாதக் கணக்கில் என்று மேலே பார்த்தோம். மணலில் தகட்டுச் சோதனைக்கு ஓர் அர்த்தம் உண்டு. களியில் இறக்கத்துக்கு அதை நம்ப முடியாது.

தூண் சுமை எண்டு எதை எடுக்கிறது? கொம்பியூட்டர் 570 எண்டு தருது.

அது பெரும்பாலும் 1.4, 1.6 என்ற காரணிகளால் பெருக்கிய சுமை. பாதத்தின் தடிப்புக்கும் கம்பிக்கும் அது சரி. பாதத்தின் அளவுக்குக் காரணியில்லாத 400ஐ எடுக்க வேண்டும். 570ஐ 44 ஆல் வகுத்தால் 3.6 மீற்றர் பாதம் வரும், தேவையில்லாத செலவு. களியின் நீண்டகால இறக்கத்துக்கு இன்னும் ஒரு படி போகலாம்: வீட்டின் சொந்தப் பாரம் முழுவதும், ஆட்கள் பொருட்களின் பாரத்தில் நிரந்தரமாக இருக்கும் பங்கு மட்டும். கலியாண நாளில் மாடியில் நின்ற கூட்டத்தைக் களி கவனிக்காது. நெல் மூட்டை அடுக்கும் களஞ்சியம் என்றால் கவனிக்கும்.

முல்லைத்தீவுக் கடற்கரை மணலுக்கும் இதே கதையோ?

முடிவு வேறு விதமாக வரும். எஸ்.பி.டி. 8 அடி வரும் தளர்ந்த மணல், 1 மீற்றர் ஆழப் பாதம், நீர் பாதத்தின் அடிமட்டத்தில் என்று வையுங்கள். q அழுத்தம், B பாதத்தின் அகலம், N எஸ்.பி.டி. அடி, s மில்லிமீற்றரில் இறக்கம் என்றால், 1985இல் பேர்லண்டும் பேர்பிட்ஜும் தந்த சூத்திரம்:

```
s = q × B^0.7 × 1.71 / N^1.4
```

25 மில்லிமீற்றருக்கு ஒரு மீற்றர் பாதம் 270உம், இரண்டு மீற்றர் 165உம், மூன்று மீற்றர் 125உம் தரும். வெட்டுக் கணக்கோ அதே அகலங்களுக்கு ஏறத்தாழ 150, 170, 195 என்று கூடிக்கொண்டு போகும். ஒன்று இறங்க மற்றது ஏற, இரண்டு மீற்றர் அளவில் வெட்டிக்கொள்கின்றன. அதைவிடச் சிறிய பாதத்துக்கு வெட்டும் பெரிய பாதத்துக்கு இறக்கமும் கட்டுப்படுத்தும். மணலில் இறக்கத்தின் பெரும்பகுதி கட்டும்போதே முடிந்துவிடுவது ஒரு நிம்மதி, சாந்து பூசும் முன்னரே வீடு இறங்கியிருக்கும்.

முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களிக்கு எவ்வளவு போடலாம்?

அங்கே இந்தக் கணக்கை முதலில் எடுக்காதீர்கள். அது மாரியில் பொங்கிக் கோடையில் சுருங்கும் மண். பாரம் குறைந்த வீட்டை அது தூக்கும். அங்கே அழுத்தத்தைக் குறைக்கப் பாதத்தைப் பெருப்பித்தால் பொங்குவதற்கு இன்னும் இலகுவாக்கிக் கொடுக்கிறீர்கள்.

பக்கத்துக் காணியிலை பெரிய கிணறு வெட்டி மிசின் போட்டு இறைக்கினம். அதாலை எங்கடை வீடு இறங்குமோ?

நீர்மட்டம் ஒரு மீற்றர் கீழே போனால் களிக்கு ஏறத்தாழ 10 கூடுகிறது. நிரவலைப் போலவே பரந்த பாரம் அது. நம் உதாரணத்தில் முழுவதும் நிகழ்ந்தால் 14 மில்லிமீற்றர். ஆனால் கோடையில் இறங்குவதும் மாரியில் ஏறுவதும் அந்தக் களிக்குப் புதிதல்ல. முன்பு கண்ட மிகத் தாழ்ந்த மட்டத்துக்குள் ஏறியிறங்கினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதையும் தாண்டிக் கீழே இழுத்தால்தான் புதிய இறக்கம் தொடங்கும், அதுவும் கிணற்றுப் பக்கத்தில் கூடுதலாக.

வீடு கட்டி இரண்டு வருசம். சுவரிலை வெடிப்பு. இறங்கினதாலைதான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?

யன்னல் மூலையிலிருந்து சாய்வாக, கல் வரிசையில் படிபடியாகப் போகும் வெடிப்பென்றால் சந்தேகிக்கலாம். சுவரின் அடிப்பக்கம் அகன்று மேலே ஒடுங்கினால் நடுப்பகுதி இறங்குகிறது, நம் உதாரண வீட்டில் எதிர்பார்க்கக்கூடியது அதுதான். மேலே அகன்றிருந்தால் ஓரங்கள் இறங்குகின்றன. சாந்தில் மட்டும் மயிர்க்கோடாக, எல்லாப் பக்கமும் ஓடினால் அது சாந்தின் வேலை. தூணும் சுவரும் அப்படியே நிற்க, நிலம் மட்டும் சுவரோரமாகத் தாழ்ந்திருந்தால் பாதத்தைக் குறை சொல்ல வேண்டாம், நிலத்தட்டுக்குக் கீழுள்ள நிரவல் சரியாக இறுகவில்லை.

வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, இடைவெளியையும் திகதியையும் சுவரிலேயே எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அளவுங்கள். ஒவ்வொரு முறையும் கூடுவது குறைந்துகொண்டே வந்தால் களி ஒடுங்கி முடிகிறது, நின்ற பிறகு அடைக்கலாம். மாரியில் மூடிக் கோடையில் திறந்தால் அது பொங்கும் மண்ணின் வேலை. கூடுவது குறையாமல் ஒரே அளவில் போய்க்கொண்டிருந்தால், அடைக்கிறவரைக் கூப்பிடும் முன் துளையிடுகிறவரைக் கூப்பிடுங்கள்.